ஒரே ஊர்ச் சான்றிதழ் கோரும் மனு

பெறுநர்:
மாவட்டங்களைப் பிரித்தும் ஊர்களுக்குப் பெயர் மாற்றியும் அருள்பாலிக்கும் அதிகாரம் அவர்கள்.

பொருள்: மாயவரமும் மயிலாடுதுறையும் ஒரே ஊர்தான் எனச் சான்று வழங்கக் கோருதல்.

ந.க. எண்: எந்த மாவட்டத்து எண் போடுவது என்று தெரியாததால் காலியாக விடப்பட்டுள்ளது.

ஐயா,

பத்திரத்தில் முருகேசன் என்றும் ஆதாரில் முருகேஷ் என்றும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் போட்டுச் சமாளித்துவிடலாம். ஊருக்காக யார் போய்ப் பிரமாணம் செய்வது? ஆகவேதான் இந்த மனு.

1960-ல் எங்கள் தாத்தா கொஞ்சம் நன்செய் வாங்கினார். கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் ‘தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா’ என்று தொடங்கி கிராமம், சர்வே நம்பர், நான்கெல்லை என்று எழுதியிருக்கிறது. 1982-ல் ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர் வைத்தீர்கள். 1991 அக்டோபரில் தஞ்சையைப் பிரித்து எங்களை நாகப்பட்டினத்துக்குக் கொடுத்தீர்கள். 2020 டிசம்பர் 28-ல் நாகையையும் பிரித்து, 38-வது மாவட்டமாக எங்களையே எங்களிடம் தந்தீர்கள். இத்தனைக்கும் நிலம் ஒரு சாண் நகரவில்லை. வடக்கே வாய்க்கால், வடக்கேயேதான் இருக்கிறது.

அந்த நிலத்தின் பேரில் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனோம். மூலப் பத்திரத்தைப் பார்த்த வழக்கறிஞர், “இது தஞ்சாவூர் மாவட்டச் சொத்தாச்சே, பட்டா மயிலாடுதுறைன்னு இருக்கே?” என்றார். விளக்கினோம். தலையாட்டிவிட்டு, “சரிதான், ஆனா அதுக்கு ஒரு பேப்பர் வேணுமே” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் அரசிதழில் போட்ட அறிவிப்புதான் அந்தப் பேப்பர். அதைத் தேடி எடுத்து நகல் காட்டும் வேலை மட்டும் குடிமகனுடையது.

காகிதக் காலத்தில் இது இவ்வளவு பெரிய தொல்லை இல்லை. நிலத்தை அடையாளம் காட்டுவது கிராமமும் சர்வே எண்ணும் உட்பிரிவும்தான். மாவட்டப் பெயர் தலைப்பில் எழுதும் மரியாதை. பழைய கணக்குப்பிள்ளை அ பதிவேட்டைப் பிரித்தால் நேரே எண்ணுக்குப் போவார். இப்போது திரையில் முதலில் மாவட்டத்தைத் தேர்வு செய்தால்தான் வட்டம் தெரியும், வட்டத்தைத் தேர்ந்தால்தான் கிராமம் தெரியும். பழைய பத்திரத்தை நம்பி ஒருவர் தஞ்சாவூரைத் தேர்ந்தால், அவருடைய கிராமமே உலகில் இல்லை என்று ஆகிவிடுகிறது.

வில்லங்கச் சான்று இன்னும் சுவையானது. வருவாய் மாவட்டம் வேறு, பதிவு மாவட்டம் வேறு. நீங்கள் கலெக்டரைப் பிரித்தால் சார்பதிவாளர் பிரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. அவர் தனியாக, வேறொரு நாளில் பிரிவார். ஒரு கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால், மாறிய நாளுக்கு முந்தைய பதிவுகளைப் பழைய அலுவலகத்திலும் பிந்தையவற்றைப் புதிய அலுவலகத்திலும் தேட வேண்டும். புதிய அலுவலகத்தில் மட்டும் போட்டுப் பார்த்தால், பழைய அடமானம் இருந்தும் ‘வில்லங்கம் இல்லை’ என்று சுத்தமாக வந்துவிடும். வாங்குபவர் அதை நம்பிப் பணம் கொடுப்பார். மாறிய தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதவருக்கு இது தெரியவே தெரியாது.

கோப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிவினையின்போது நடப்புக் கோப்புகள் புதிய மாவட்டத்துக்கு லாரி ஏறும். முடிந்த கோப்புகள் பெரும்பாலும் பழைய ஊர்ப் பதிவறையிலேயே தங்கிவிடும். 1989-ல் ‘ப.மு.’ என்று முடித்த கோப்பு என்றால் பத்தாண்டில் அழிக்கத் தக்கது. எந்த மாவட்டம் அதை அழித்தது என்பதற்கான கோப்பாவது ‘நி.மு.’வாக நிரந்தரமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் 1985-ல் பிறந்தவர் தஞ்சாவூர் மாவட்டம், 2000-ல் பிறந்தவர் நாகை மாவட்டம், 2022-ல் பிறந்தது மயிலாடுதுறை மாவட்டம். மூவரின் சான்றிதழும் சரி. அந்தந்த நாளில் உண்மை எதுவோ அதைத்தான் அவை சொல்கின்றன. அவற்றைத் திருத்திவிட வேண்டாம். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி வெளியிட்ட ஆணையைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றீர்களே, அந்தக் கருணைக்கு நன்றி. ரயில்வேக்காரர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். பலகையில் மயிலாடுதுறை என்று எழுதிவிட்டு, குறியீட்டை மட்டும் பழைய MV ஆகவே வைத்திருக்கிறார்கள். டிக்கெட்டும் கிடைக்கிறது, ரயிலும் வருகிறது.

எனவே, ஒவ்வொரு கிராமத்துக்கும் எந்தத் தேதியிலிருந்து எந்த மாவட்டம், எந்த வட்டம், எந்தச் சார்பதிவகம் என்று ஒரு பட்டியல் போட்டு, பட்டா எடுக்கும் அதே பக்கத்தில் ஒட்டிவைக்குமாறு வேண்டுகிறேன். அதுவரை மேற்படி ஒரே ஊர்ச் சான்றிதழை வழங்கி உதவவும். அடுத்த பிரிவினைக்கு முன் கிடைத்தால் நலம்.

இப்படிக்கு,
மூன்று மாவட்டங்களின் ஒரே குடிமகன்