பள்ளத்துக்குப் பாதி வாடகை

சென்னையில் கடை பிடிக்கிறவன் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்த பிறகுதான் ஷட்டரில் கை வைக்க முடியும். நான் கொடுத்தது 2 லட்சம். அது இப்போது ஓனர் சாரிடம் பணமாக இல்லை. அவருடைய மூத்த பெண்ணின் கல்யாணத்தில் பந்தல், நாதஸ்வரம், மூன்று வகைப் பாயசம் என்று பல ரூபம் எடுத்துவிட்டது. இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

என்னுடையது ஜெராக்ஸும் ஸ்டேஷனரியும். பாதாளச் சாக்கடைக்காக வாசலில் தோண்டினார்கள். குழாய் இறக்கினார்கள், மண்ணைப் போட்டு மூடினார்கள். மழை வந்தது, மண் உள்ளே இறங்கியது, மறுபடியும் தோண்டினார்கள். தெருவின் இரண்டு முனையிலும் தடுப்பு. ஆதார் நகல் எடுக்க ஒற்றைப் பலகை மேல் நடந்துவரும் துணிச்சல் யாருக்கு உண்டு? இருந்தால் அவர் சர்க்கஸில் சேர்ந்திருப்பார்.

முன்பு நாளுக்கு 10,000 ரூபாய் வியாபாரம். அதில் எனக்கு நிற்பது இருபது சதவீதம், மாதம் 26 நாளுக்கு 52,000. வாடகை 20,000, பையன் சம்பளம் 12,000, கரண்ட் 2,500 போக மீதியில் குடும்பம் ஓடும். இப்போது நாளுக்கு 2,000 வந்தால் பெரிது. அதாவது மாதம் முழுவதும் நிற்பதே 10,400. வாடகைக்கே பாதிதான் வரும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, பழைய பில் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். “வியாபாரமே இல்லை சார்” என்று மொட்டையாகச் சொன்னால் எந்த ஓனரும் நம்பமாட்டார். பள்ளம் இல்லாத காலத்திலும் நாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

“தம்பி, ரோட்டைத் தோண்டினது நானா?” என்றார்.

“நானும் இல்லை சார்.”

சார் ரிட்டயரானது பதிவுத்துறையில். சட்டம் பேசினால் சந்தோஷப்படுவார் என்று, கடனில் ஜெராக்ஸ் எடுக்கும் வக்கீல் ஒருவரிடம் முன்னாலேயே கேட்டு வைத்திருந்தேன். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108: நெருப்பு, புயல், வெள்ளம் போன்றவற்றால் இடம் நிரந்தரமாகப் பயன்படாமல் போனால், வாடகைக்கு இருப்பவர் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளலாம்.

“பள்ளம் நிரந்தரமா?” என்று கேட்டார் சார். கான்ட்ராக்டரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் விடவில்லை. டெல்லி கான் மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவர்கள் 2020-இல் கொரோனா ஊரடங்கைக் காட்டி வாடகையை நிறுத்திவைக்கக் கேட்டதையும், உயர் நீதிமன்றம் முடியாது, கட்டும் தேதியை வேண்டுமானால் தள்ளித் தருகிறோம் என்று சொன்னதையும் ஒப்பித்தார். ஊரடங்குக்கே கிடைக்காதது சாக்கடைக்கா கிடைக்கும்? எங்கள் பத்திரத்திலும் அதற்கென்று ஒரு வரி கிடையாது. சட்டப்படி நான் தோற்றேன். வக்கீலின் பாக்கி மட்டும் அப்படியே இருக்கிறது.

பிறகு சார் பெரிய மனது பண்ணினார். “பாதி கையில் கொடு. மீதியை அட்வான்ஸில் கழிச்சுக்கலாம்.”

கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அட்வான்ஸ் என் பணம். என் பையிலிருந்து எடுத்து எனக்கே தள்ளுபடி தருகிறார். “அப்புறமாகக் கொடு” என்பதும் அதே ரகம்தான். ரோடு திறக்கும் நாளில் பாக்கி மொத்தமும் வாசலில் வந்து நிற்கும். தள்ளிவைப்பது வேறு, தள்ளுபடி வேறு. இதைப் பணிவாகச் சொல்லிவிட்டு, “கட்டுப்படி ஆகலைன்னா காலி பண்ண வேண்டியதுதான் சார்” என்றேன். அதன்பின் வாயைத் திறக்கவில்லை.

அவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். பள்ளத்துக்குப் பின்னால் இருக்கும் கடையை இப்போது எவன் எடுப்பான்? எவனும் எடுக்காவிட்டாலும் என் 2 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும். பாயசத்தை எங்கே போய்த் திரும்ப வாங்குவது? உள்ளே இருந்த அம்மா கேட்காமலே காபி கொண்டுவந்தார். பாதி ஜெயித்துவிட்டேன் என்று புரிந்தது.

எழுதிக்கொண்டோம். மாதம் 10,000, மீதி 10,000 பின்னால் கேட்கப்படாது, அட்வான்ஸில் கை வைக்கக் கூடாது. எதுவரை என்பதில்தான் பெரிய சண்டை. “வேலை முடியும் வரை” என்றால் குழாயை மூடிய அன்றே முடிந்தது என்பார் அவர். தார் போடும் வரை என்றால் என் பேரன் காலம் வரை பாதி வாடகைதான் என்று பயந்தார். கடைசியில், தடுப்பை எடுத்து, கடை வாசலில் ஸ்கூட்டர் நிறுத்த முடிகிற மாதத்தின் கடைசி நாள் வரை என்று முடிவானது. அந்த ஸ்கூட்டர் யாருடையது என்பதிலும் தகராறு வந்து, அவருடையதே என்று எழுதினோம்.

கையெழுத்துப் போடப் போனேன். சார் பேனாவைப் பிடுங்கி அடியில் ஒரு வரி சேர்த்தார். பத்திரப்படி வருஷா வருஷம் உண்டான ஐந்து சதவீத உயர்வு பாதி வாடகைக்கும் பொருந்தும்.

ஜனவரியிலிருந்து பள்ளத்துக்கு 10,500.