காலி செய்யும் குடித்தனக்காரர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் வாழும் ‘காலி செய்யும் குடித்தனக்காரர்’ என்னும் வகையினர், பல்லாண்டு குடியிருந்த முதல் வாடகை வீட்டின் சாவியை ஒப்படைக்கும் நாளில்தான் தம் முழு இயல்பையும் வெளிப்படுத்துகின்றனர். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறலாகாது என்பதால், ஆனிக் கடைசியில் இவர்களை மிகுதியாகக் காணலாம்.

சான்றாக, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஒருவரின் குடும்பத்தைக் கொள்ளலாம். கீழ்த்தளத்தில் ஓனர் வசிக்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடி ஃபிளாட்டுக்கு 2012இல் அவர்கள் குடிவந்தபோது வாடகை 6,000 ரூபாய்; ‘அட்வான்ஸ்’ எனப்படும் முன்பணம், சென்னை வழக்கப்படி பத்து மாத வாடகையான 60,000 ரூபாய். திருமுல்லைவாயிலில் சொந்த வீடு வாங்கி 2024இல் கிளம்பும்போது வாடகை 13,000 ஆக வளர்ந்திருக்க, அட்வான்ஸோ வட்டி ஏதுமின்றி வாங்கியபடியே கிடந்தது.

வீட்டுக்குள் சட்டம் பேசுவதும் ஓனர் எதிரே தலையாட்டுவதும் இவ்வகையினரின் முதன்மை இலக்கணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, வாடகைதாரர் உரிமைகளைப் பற்றிய 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணம் திரும்ப வேண்டும் என்றும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை வெள்ளையடிப்பது உரிமையாளரின் பொறுப்பு என்றும், குழாய் வாஷர் மாற்றுவது போன்றவையே குடியிருப்பவருக்குரியவை என்றும் முந்தைய இரவு மனைவிக்கு அவர் நெடுநேரம் விளக்கியிருந்தார்.

மறுநாள் ஓனர் டார்ச் விளக்கோடு வந்து, சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி முடித்து, “பெயின்ட்டுக்கு ஒரு மாச வாடகை பிடிக்கிறது வழக்கம்தானே, சார்?” என்றார்.

“வழக்கம்தாங்க சார்” என்றார் சட்ட நிபுணர்.

அட்வான்ஸ் பழைய வாடகைக் கணக்கில் உள்ளே போய், பிடித்தம் புதிய வாடகைக் கணக்கில் நடப்பதே இவ்வழக்கத்தின் நுட்பமாகும். 13,000 போக, இரு மாதத்துக்கொரு முறை வரும் கரண்ட் பில்லுக்காக 2,000 நிறுத்தப்பட, மிஞ்சிய 45,000 ரூபாயும் ‘புதுக் குடித்தனக்காரர் அட்வான்ஸ் தந்ததும்’ வரும் என்று அறிவிக்கப்பட்டது.

அதற்கும் அவர் தலையாட்டத் தொடங்கியபோது, வாசற்கதவுச் சாவியையும் கிரில் கேட் சாவியையும் நீட்டிய மனைவி, தண்ணீர்த் தொட்டி இருக்கும் மொட்டை மாடியின் ஒரே சாவி எந்த மூட்டையில் போனதோ தெரியவில்லை என்றும், அவிழ்த்துப் பார்க்க ஒரு மாதமாவது ஆகும் என்றும் மிக்க பணிவோடு தெரிவித்தார்.

“இப்பவே மோட்டார் போட்டுட்டு வந்திருக்கேனே அம்மா, தொட்டி வழிஞ்சா யார் மேலே ஏறிப் பார்க்கிறது?” என்றார் ஓனர்.

“அதானே சார்!” என்று அந்த அம்மாளும் கவலைப்பட்டார்.

கணவரின் கைப்பேசியில் 45,000 ரூபாய் வரவான ஓசை கேட்ட மறுகணம், சாவி அந்த அம்மாளின் இடுப்பிலேயே அகப்பட்டது.