தம்பியின் சிறுத்தை

வெள்ளிக்கிழமை கட்டுரை கொடுக்க வேண்டுமென்றால், வியாழன் இரவு பத்தரைக்குத்தான் தம்பிக்கு மழை பெய்யத் தொடங்கும். ஹட்டனில் அதற்கு முந்தின நாலு நாளும் மழைதான். ஆனால் அது தமிழ் மழை, பிரெஞ்சுக் கடிதத்தின் கணக்கில் சேராது.

கண்டிக்குப் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிற இந்தத் தம்பி எந்தத் தோட்டத்திலும் உண்டு. தவணை கேட்டு டீச்சருக்கு மின்னஞ்சல் எழுதுவான். "அண்ணே, இலக்கணம் மட்டும் பாருங்க" என்று எனக்கு அனுப்புவான். இலக்கணத்தில் பிழையே இருக்காது, அதுதான் வயிற்றெரிச்சல்.

முதல் வரியில் மன்னிப்பு. பிறகு கினிகத்தேனையில் மண்சரிவு, பஸ் இல்லை, லயத்தில் கரண்ட் இல்லை, அப்பாயிக்கு இழுப்பு, அம்மா கொழுந்தெடுக்கிற மலையில் சிறுத்தை. கடைசியில் மறுபடியும் மன்னிப்பு. கட்டுரையை எந்தத் தேதியில் தருவான் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. பி1 நிலையில் 160 சொல்லில் கட்டுரை கேட்டால், தவணைக் கடிதமே அதைத் தாண்டி நிற்கிறது!

இத்தனையும் உண்மை என்பதுதான் கொடுமை. பொய் சொல்கிறவன் ஒரு காரணத்தோடு நிறுத்திக்கொள்வான். இவன் உண்மை பேசுகிறான், அதனால் எல்லாவற்றையும் சொல்கிறான். படிக்கிறவருக்கு ஒன்றுகூட ஒட்டாது.

போன தடவை பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் கட்டுரையில் பாதியை எழுதச் சொன்னேன். பிறகுதான் கடிதம். எடுத்தவுடன் கேள்வி: "செரெத்-இல் போஸிப்ல்", முடியுமா என்று பணிவாக. வெள்ளி 13க்குப் பதில் திங்கள் 16இல் தரலாமா? சனிக்கிழமை என்று சொல்லிவிட்டு, அன்றைக்கும் தவறினால் இரண்டாவது கடிதத்துக்கு மரியாதை கிடையாது. அடுத்து, பாதி முடிந்தது, இணைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு காரணம், மண்சரிவு. அதற்கு அவன் "ஆ கோஸ் த" என்று போட்டிருந்தான். அதில் யாரையோ குற்றம் சொல்கிற தொனி வந்துவிடும். கடிதத்துக்கு "ஆன் ரெஸோன் த" என்பதுதான் பொருந்தும், காரணத்தைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளும். மன்னிப்பு ஒரு தடவை, நன்றி ஒரு தடவை, அவ்வளவுதான்.

"அண்ணே, சிறுத்தைய எடுத்துட்டீங்களே?"

"அது எதுக்குடா?"

"அது நெசமாவே வந்துச்சிண்ணே."

தெரியும். மண்ணில் கால்தடத்தை நானும் பார்த்தேன். அதற்காக அது டீச்சரிடம் தவணை கேட்கப் போக வேண்டுமா?

தலையாட்டினான். எனக்குத் தெரியாமல் பின்குறிப்பாகச் சிறுத்தையைச் சேர்த்து அனுப்பிவிட்டான்.

மறுநாள் பதில் வந்தது. திங்கட்கிழமைக்குச் சம்மதம், ஒரு வரி. மிச்சமெல்லாம் சிறுத்தை: எவ்வளவு பெரியது, அம்மா பயந்தாரா, எப்படி விரட்டினார்கள்? டீச்சருக்கு விலங்குகள் என்றால் உயிராம். நான் சொல்லிக்கொடுத்த அத்தனையும் அந்தப் பின்குறிப்பில் போயிற்று.

இப்போது அதே வகுப்பில் நுவரெலியாப் பிள்ளை ஒன்றின் வீட்டுப் பக்கமும் சிறுத்தை வந்திருக்கிறதாம். அதுவும் வியாழக்கிழமை இரவில்.