பஸ் ஏறுமுன் ஒரு கேள்வி

கேள்வி: எம்.ஏ. ஆய்வு முன்மொழிவு எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பெண்களுக்கான கட்டணமில்லா பஸ் பயணம் பற்றி. பண்புசார் ஆய்வா, அளவுசார் ஆய்வா என்று கைடு கேட்கிறார். இரண்டும் என்று சொல்லிவிடட்டுமா?

பதில்: சொல்லலாம். ஆறு மாதத்தில் முடிப்பீர்களா என்று அடுத்து கேட்பார். முதலில் கேள்வியை எழுதுங்கள், முறை தானாக வரும். "சாதாரண நகரப் பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் வசிக்கும் பெண்கள், தூரத்தில் இருப்பவர்களைவிட வாரத்துக்கு எத்தனை தடவை கூடுதலாக வெளியே போகிறார்கள்?" இது அளவுசார். இங்கே ஒரு சிக்கல்: 2021 மே முதல் சலுகை எல்லாப் பெண்களுக்கும் உண்டு, ஒப்பிட சலுகையில்லாத ஆளே கிடையாது. அதனால்தான் நிறுத்தத்தின் தூரத்தைப் பிடித்தேன். அதிலும் நிறுத்தத்துக்கு அருகில் வசிப்பவர்கள் ஏற்கெனவே வேலைக்குப் போகிறவர்களாக இருக்கலாம். அதையும் கேட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"பஸ்ஸுக்குக் காசு கேட்க வேண்டாம் என்றானபின், வெளியே போவதை வீட்டில் எப்படிச் சொல்கிறார்கள்?" இது பண்புசார். பதினைந்து இருபது பேரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். புதிதாக எதுவும் வராதபோது நிறுத்தலாம். "சும்மாதான் போனேன்" என்று ஒரு அக்கா சொன்னால், அந்த 'சும்மா'வுக்கே ஒரு அத்தியாயம் போகும்.

வழக்கமான விபத்து இதுதான்: தலைப்பில் 'தாக்கம்', உள்ளே பன்னிரண்டு நேர்காணல். எத்தனை சதவீதம் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், பன்னிரண்டில் ஒன்பது என்று முனகுவீர்கள்.