பதினான்கு போய்ப் பதினேழாய் வரும்

ஜி.எஸ்.டி. தாமதக் கட்டணம் 500 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து போய்விட்டது. தளத்திலோ வரவு இல்லை. பணம் எங்கே?

மூன்று இலக்கத்துக்காகக் காத்திருக்கிறது! சலான் உருவாகும்போது 14 இலக்க CPIN பிறக்கிறது; அதன் ஆயுள் 15 நாள். பணம் பெற்ற வங்கி தன் 3 இலக்கக் குறியீட்டைச் சேர்த்தால், அது 17 இலக்க CIN ஆகிறது. தளம் பணத்தை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். செலுத்தியவர் பெயரை வைத்தல்ல.

24 மணி நேரமாகியும் CIN வராவிட்டால், GST PMT-07 படிவத்தில் முறையிடலாம். அவசரப்பட்டுப் புதுச் சலான் போட்டுக் கட்டினால், இரண்டு தொகையும் பணப் பேரேட்டில் ஏறும்.

ஏறினாலும் கட்டணம் தீர்ந்ததாகாது. ரிட்டர்ன் தாக்கலில் கழித்தால்தான் தீரும்.