சித்தியிடம் சொல்வது எப்படி?

மார்ச் கடைசியில் குடும்பத்தோடு மதுரைக்கு வருவதாகச் சித்தியிடம் சொல்லியிருந்தேன். வங்கி வேலை; விடுப்பு கிடைக்கவில்லை. 'வேலை அதிகம், அப்புறம் வருகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமா?
– வங்கி ஊழியர், சேலம்

அந்த 'அப்புறம்' எந்தக் காலண்டரில் வருகிறது?

போனில் பேசுங்கள். அதுவும் இன்றைக்கே. முறுக்குக்கு மாவு அரைத்த பிறகு சொன்னால் எந்தச் சமாதானமும் எடுபடாது. சித்தப்பாவிடம் சொல்லி அனுப்பாதீர்கள். சமைக்கப்போகிறவர் சித்தி, அவரிடமே சொல்லுங்கள். 'வேலை அதிகம்' என்றால் தட்டிக்கழிப்பதாகத் தோன்றும். உள்ளதைச் சொல்லுங்கள்: "மார்ச் 31 கணக்கு முடிக்கிற நாள், சித்தி. ஏப்ரல் 1 வாடிக்கையாளர்களுக்குத்தான் லீவு, எங்களுக்கு இல்லை. பிள்ளைங்களுக்கும் ஏமாற்றம்தான். மே முதல் வாரம் வரட்டுமா, உங்களுக்குத் தோதுப்படுமா?"

அவர் சரி என்றதும் டிக்கெட் எடுத்து, அதன் படத்தை அனுப்புங்கள். வாட்ஸ்அப்புக்கு வேலை அங்கேதான். ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது (2024 அக்டோபர் வரை 120 நாள்). மே முதல் வாரம் என்றால் மார்ச்சிலேயே எடுத்துவிடலாம். ஆனால் மேலதிகாரியிடம் விடுப்பை உறுதி செய்யாமல் தேதி சொல்லாதீர்கள். இரண்டாவது முறை தள்ளிப்போட்டால் சித்தி கோபப்பட மாட்டார், எதிர்பார்ப்பதையே விட்டுவிடுவார்.

"எங்களைவிட வேலைதான் பெரிசா?" என்று சித்தி கேட்டால்?
– அதே ஊழியர்

கேட்கத்தான் செய்வார். நீங்கள் வரவேண்டும் என்று நினைக்கிறவர்தானே அப்படிக் கேட்பார்? வாதாடாமல், "மே மாசம் வரும்போது எனக்கு என்ன செஞ்சு வைப்பீங்க?" என்று கேளுங்கள்.