மீதி எவ்வளவு, கெடு எப்போது?

தேக்காவில் 13 வெள்ளி 40 காசுக்குக் காய்கறி வாங்கினேன். சிடிசி பற்றுச்சீட்டில் 14 வெள்ளி கொடுத்தேன். அறுபது காசு திரும்ப வரவில்லை. கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். இது நியாயமா? (வாசகி, ஈசூன்)

அவர் மேல் குற்றமில்லை. சிடிசி பற்றுச்சீட்டுக்குச் சில்லறை தருவதில்லை என்பதுதான் விதி. அது 2, 5, 10 வெள்ளித் துண்டுகளாக வருகிறது. திரையில் நீங்கள் தொட்டுத் தேர்ந்தெடுத்த துண்டுகளைக் கடைக்காரர் ஸ்கேன் செய்ததும் அவை முழுதாகச் செலவாகிவிடும். பில்லுக்குச் சற்றுக் குறைவாகத் துண்டுகளைக் கொடுத்து, மீதியைக் கையிலிருந்து கொடுங்கள். இங்கே 10-ம் 2-ம் சேர்த்துப் பன்னிரண்டு, மேலே 1 வெள்ளி 40 காசு. அறுபது காசு உங்களிடமே தங்கியிருக்கும்.

எந்தத் துண்டை முதலில் கொடுப்பது? சின்னதையெல்லாம் தீர்த்துவிட்டால் கணக்கு எளிதாகிவிடும் என்கிறாள் மகள். (வாசகர், புக்கிட் பாத்தோக்)

மகளிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். உங்களிடம் இரண்டு பத்து, ஒரு ஐந்து, நான்கு இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 33 வெள்ளி. மேலே சொன்ன 13.40 பில்லுக்கு, ஐந்தையும் நான்கு இரண்டுகளையும் கொடுத்தால் 13 வெள்ளி ஆகிவிடும், நாற்பது காசு மட்டும் கையிலிருந்து போகும். அந்த நிமிடத்துக்கு அருமையான வேலைதான். ஆனால் மீதி இரண்டு பத்துகள் மட்டுமே. மறுநாள் காலைப் பசியாற 6.50 ஆனால், ஒரு பத்தை நீட்டி 3.50ஐ விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுதும் ரொக்கம்.

மாறாக, முதல் பில்லுக்கே பத்தும் இரண்டும் கொடுத்திருந்தால் பத்து, ஐந்து, மூன்று இரண்டு என 21 வெள்ளி மிஞ்சும். 6.50க்கு மூன்று இரண்டுகளும் ஐம்பது காசும் போதும். பெரிய துண்டு பெரிய பில்லுக்கு; சின்னத் துண்டைக் கடைசி வரை வைத்திருங்கள். கெடு நெருங்கும் டிசம்பரில்தான் இதன் அருமை தெரியும்.

இருபது வெள்ளி மிச்சமிருக்கிறது, ஆனால் உணவங்காடிக் கடையில் "முடியாது" என்கிறார்கள். ஏன்? (வாசகர், தோ பாயோ)

மீதி இருப்பது பேரங்காடிப் பாதியில். இப்போது வரும் சிடிசி பற்றுச்சீட்டில் ஒரு பாதி உணவங்காடிக்கும் குடியிருப்பு வட்டாரக் கடைகளுக்கும், மறு பாதி பேரங்காடிகளுக்கும். ஒன்றை மற்றொன்றில் செலவழிக்க முடியாது. ஆகவே மீதியை ஒரே எண்ணாக மனத்தில் வைக்காதீர்கள். "கடைப் பாதி இவ்வளவு, பேரங்காடி இவ்வளவு" என்று இரண்டாக வையுங்கள். மது, சிகரெட், லாட்டரி, பெட்ரோல் எதற்கும் இரண்டுமே செல்லாது.

கைபேசியில் மூன்று இணைப்புகள். எதற்கு எப்போது கெடு என்று குழம்பிப்போனேன். (வாசகி, தெம்பனிஸ்)

2025இல் பலர் வீட்டில் இதே குழப்பம்தான். ஜனவரியில் குடும்பத்துக்கு 300 வெள்ளி, மே மாதம் 500 வெள்ளி. இரண்டுக்கும் கெடு அந்த ஆண்டு டிசம்பர் 31. அதன் பிறகு ஜூலையில் எஸ்ஜி60 பற்றுச்சீட்டு வந்தது: 21 முதல் 59 வயது வரை தலைக்கு 600, அறுபதும் அதற்கு மேலும் 800. அதன் கெடு 2026 டிசம்பர் 31. ஒன்று குடும்பத்துக்கு, மற்றொன்று ஆளுக்கு. செலவழிக்கும் இடங்களும் திரையும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஓராண்டு கூடுதலாகத் தாங்கும் எஸ்ஜி60ஐ முதலில் கரைத்துவிட்டு, அந்த ஆண்டே காலாவதியாகும் சிடிசியைத் தூங்கவிட்டவர்கள் உண்டு.

மருந்து எளிது. குறுஞ்செய்தி வந்த அன்றே இணைப்பைத் திறந்து பாருங்கள். மீதியும் கெடுவும் அங்கேயே இருக்கும். பிறகு கைபேசி நாட்காட்டியில், கெடு நாளில் அல்ல, ஆறு வாரம் முன்னதாக ஒரு நினைவூட்டல் போடுங்கள். டிசம்பர் 31 அன்று கூவும் நினைவூட்டலால் பயனில்லை.

இன்னொன்று, இது முக்கியம். இணைப்பு யாரிடம் இருக்கிறதோ அவர் செலவழிக்கலாம். வீட்டாரிடம் பகிர்வது சரி. உறவினர்கள் நிறைந்த வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். இணைப்பைத் தொலைத்துவிட்டால் பணம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். சிங்பாஸ் வழியாக மீண்டும் பெறலாம், சமூக மன்றத்திலும் உதவுவார்கள்.

நூறு வெள்ளி கிஃப்ட் கார்டு. மீதி இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் கல்லாவில் "டிக்ளைன்" என்று வந்துவிட்டது. (வாசகர், பொங்கோல்)

இது பற்றுச்சீட்டு அல்ல, மீதி தானே குறையும் அட்டை. அதன் குணம் வேறு. 63.70க்கு வாங்கினால் உள்ளே 36.30 தங்கும், ஒரு காசும் வீணாகாது. அடுத்த முறை 49.90 பொருள் எடுத்துக்கொண்டு போய் அட்டையை நீட்டினால், கல்லாக்காரர் முழு 49.90ஐயும் அதிலிருந்து எடுக்கப் பார்ப்பார். 36.30இல் 49.90 இல்லை, மறுக்கப்படும். பணம் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது. முதலிலேயே சொல்லுங்கள்: "கார்டிலிருந்து 36.30 மட்டும் எடுங்க, மீதி 13.60 நெட்ஸ்." அவர் அந்தத் தொகையை மட்டும் தட்டுவார். இதற்கு உங்கள் மீதி காசு வரை துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் பொதுவாக இணைய முகவரியும் எண்ணும் இருக்கும். வரிசையில் நிற்கும்போது அல்ல, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பலர் ஒரு காரியம் செய்கிறார்கள்: மீதி பூஜ்யம் ஆனதும் அட்டையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். மறுவாரம் அந்த 49.90 பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போனால், பல கடைகள் வந்த வழியிலேயே பணத்தைத் திருப்பும். 13.60 வங்கிக்கு, 36.30 அந்த அட்டைக்கு. அட்டை குப்பை லாரியில் போய்விட்டது! திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும் வரை வெறும் அட்டையையும் வைத்திருங்கள்.

இத்தனையையும் எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதுமா? எக்செல் தெரியும். (வாசகி, ஜூரோங்)

எக்செல் தெரிந்தால் ஒரு பத்து நிமிட வேலை. முதல் தாளில் அட்டைக்கு ஒரு வரி: A-இல் பெயர், B-இல் கடை, C-இல் தொடக்கத் தொகை, D-இல் கெடு. இரண்டாம் தாளுக்கு Uses என்று பெயரிட்டு, ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வரி: அட்டைப் பெயர், தேதி, தொகை. பிறகு முதல் தாளில் E2-இல் மீதி, F2-இல் மிச்ச நாட்கள்:

```
=C2-SUMIF(Uses!A:A,A2,Uses!C:C)
=D2-TODAY()
```

செலவை எழுதினால் மீதி தானே குறையும். பொருளைத் திருப்பிக் கொடுத்து 36.30 அட்டைக்கு வந்தால், இரண்டாம் தாளில் -36.30 என்று எழுதுங்கள், மீதி ஏறிவிடும். பழைய வரியை அழிக்காதீர்கள். கடையோடு பேச்சு வந்தால் அந்த வரிகள்தான் உங்கள் ஆதாரம்.

மூன்று இடத்தில் தடுக்கும். எழுதியும் மீதி குறையவில்லை என்றால், இரு தாளிலும் பெயர் ஒன்றுபோல் இல்லை. கடைசியில் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தால்கூடப் பொருந்தாது. F2-இல் #VALUE! வந்தால் கெடு தேதியாகப் பதிவாகவில்லை, எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது. தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம், பார்த்ததும் தெரியும். F2 1900ஆம் ஆண்டுத் தேதி எதையாவது காட்டினால் அந்தக் கட்டத்தை எண் வடிவுக்கு மாற்றுங்கள்.

தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் எடுத்த புடவையைத் திருப்பினேன். பணம் தரவில்லை, 85 வெள்ளிக்கு கிரெடிட் நோட், மூன்று மாதக் கெடு. அதில் 58 வெள்ளிக்கு வாங்கினேன். மீதி 27க்கு என்ன செய்வது? (வாசகி, செங்காங்)

முதலில் ஒன்று கேட்கிறேன்: புடவையை ஏன் திருப்பினீர்கள்? நிறம் பிடிக்காமல் போயிருந்தால், பணம் திருப்பித் தரும் கடமை கடைக்குச் சட்டப்படி இல்லை. நோட் கொடுத்ததே அவர்கள் தயவு, கெடுவும் அவர்கள் வைத்ததுதான். ஆனால் முதல் முறை அலசியதும் சாயம் போயிருந்தால் கதை வேறு. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ முதலில் கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். குறையுள்ள புடவைக்கு நோட் மட்டும்தான் என்றால், வாங்கிக்கொள்ளும் முன்பே பேசுங்கள்.

மீதி 27க்கு வருவோம். சில கடைகள் பழைய நோட்டின் பின்னால் "மீதி 27" என்று கிறுக்கிக் கொடுப்பார்கள், சில புது நோட் எழுதுவார்கள். எதுவானாலும் மூன்று விஷயம் அதில் இருக்கட்டும்: மீதித் தொகை, கெடு தேதி, கையெழுத்தோ கடை முத்திரையோ. புது நோட் என்றால் கெடு எந்த நாளிலிருந்து என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்கள் புது மூன்று மாதம் என்று நினைப்பீர்கள், கடையில் பழைய தேதியிலிருந்தே எண்ணுவார்கள். தகராறு முளைப்பது அங்கேதான். தேதியை நாள், மாதம், ஆண்டு என்று எழுதச் சொல்லுங்கள், மாதத்தை எழுத்தில். 04/06 என்பதை இருவர் இரண்டு விதமாகப் படிக்கலாம்.

கெடுவுக்குள் போயும் கடை மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் சொல்லலாம். அதற்கும் மசியவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், இரு தரப்பும் வழக்கறிஞர் இல்லாமல் தாங்களே பேசுவார்கள். ஆனால் மனுவுக்கே குறைந்தது 10 வெள்ளி கட்டணம். 27 வெள்ளிக்கு அது தகுமா என்று நீங்களே முடிவுசெய்யுங்கள். 270 என்றால் நான் போவேன்.

கிஃப்ட் கார்டுக்கு இத்தனை ஆண்டு செல்ல வேண்டும் என்று சிங்கப்பூரில் சட்டம் உண்டா? (வாசகர், பிடோக்)

அப்படிக் குறைந்தபட்ச காலம் எதுவும் வகுக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பர் 1 முதல் பெரும்பாலான கிஃப்ட் கார்டுகளுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு. அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டப்படி ஐந்து ஆண்டு. இங்கே அட்டையிலும் அதன் நிபந்தனையிலும் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். எனக்கு இது போதாது என்றே படுகிறது. ஆளுக்கொரு கெடு வைத்துக்கொள்ளும் சந்தையில், படித்துப் பார்க்க நேரமில்லாத முதியவர்கள்தான் இழக்கிறார்கள்.

கடையே மூடிவிட்டால்? (வாசகர், உட்லண்ட்ஸ்)

1858இல் தொடங்கிய ராபின்சன்ஸ், 2020 அக்டோபர் 30 அன்று சிங்கப்பூரில் கடைசி இரண்டு கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. பெயர் பெரியது என்பது காப்புறுதி ஆகாது. கலைப்புக்குப் போகும் நிறுவனத்தின் அட்டை வைத்திருப்பவர் அதற்குக் கடன் கொடுத்தவர் கணக்கில் சேர்வார், அதுவும் பிணை இல்லாதவர் வரிசையில். கலைப்பாளரிடம் கடன் உரிமைப் படிவம் தரலாம்; வங்கி, ஊழியர் எல்லாம் முடிந்து ஏதாவது மிஞ்சினால் பங்கு வரும். படிவத்துக்கு அட்டை எண், வாங்கிய ரசீது, மீதி காட்டும் திரையின் படம் மூன்றும் கையில் இருக்கட்டும். பெரிய தொகை அட்டை உங்களிடம் இருந்தால் அடுத்த மாதமே செலவழியுங்கள்.

கிரெடிட் நோட் மங்காமல் இருக்க லேமினேட் செய்யலாமா? (வாசகி, அங் மோ கியோ)

கையால் எழுதியதென்றால் செய்யலாம். கல்லா இயந்திரத்தில் வந்த வழவழப்பான தாள் என்றால் வேண்டவே வேண்டாம். அது சூட்டால் எழுத்து வரும் தாள், லேமினேட் இயந்திரத்தின் சூட்டில் முழுதும் கறுத்துவிடும். வாங்கிய அன்றே கைபேசியில் படம் எடுங்கள். ஏற்கெனவே கறுத்துவிட்டால், நோட் தந்த தேதியையும் தொகையையும் தெரிந்தவரை குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கல்லாப் பதிவில் எண்ணைத் தேடி மறுபடி அச்சிடச் சொல்லலாம்.